கடல் தாண்டும் புத்தகப் பெட்டி

ஒரு புத்தகத்தின் எடையைத் தராசு இல்லாமலே கணக்கிட்டுவிடலாம். நம் ஊரில் அச்சாகும் நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளும் பெரும்பாலும் டெமி அளவில் வருகின்றன. அதாவது, ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம், 21.5 சென்டிமீட்டர் உயரம். 300 பக்கம் என்றால் 150 தாள். அந்தத் தாள்களைத் தரையில் பரப்பினால் நான்கரை சதுர மீட்டர் வரும். உள்ளே இருப்பது 70 கிராம் மேப்லித்தோ தாள் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 70 கிராம் என்பதே அதன் பொருள். நான்கரையை எழுபதால் பெருக்கினால் 315 கிராம். மேலட்டையும் பசையும் சேர்ந்து 340 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டி அட்டை போட்ட பதிப்பு என்றால் இன்னும் 100 முதல் 150 கிராம் கூடும். படங்கள் நிறைந்த, பளபளக்கும் ஆர்ட் பேப்பர் புத்தகம் என்றால் இதே பக்க எண்ணிக்கைக்கு எடை ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ புத்தகம் அனுப்பப் புறப்படுகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் புத்தகத்துக்கு ஆகும் செலவு முழுக்க எடையில்தான் இருக்கிறது. துணி, பொம்மை, பிளாஸ்டிக் சாமான் அனுப்புகிறவர்களுக்குப் பெட்டியின் பருமன் பிரச்சினை. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுத்து, வருகிற எண்ணைப் ‘பருமன் எடை’ என்று எடுத்துக்கொள்கின்றன. உண்மை எடை, பருமன் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். புத்தகப் பெட்டியில் உண்மை எடைதான் எப்போதும் வெல்லும். டெமி புத்தகங்கள் 32-ஐ இரண்டு அடுக்காக வைக்கும் பெட்டி ஏறக்குறைய 31 × 24 × 27 சென்டிமீட்டர் இருக்கும். பருமன் எடை 4 கிலோ. உண்மை எடையோ 11 கிலோவைத் தாண்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பெட்டியைச் சிறிதாக்கிப் பணம் மிச்சப்படுத்த முடியாது, ஆகவே நல்ல தடிமனான அட்டையும் போதுமான மெத்தையும் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் புத்தகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

குறைப்பது மனத்துக்குக் கஷ்டமான வேலை. ஆனாலும் பெட்டி கட்டுவதற்கு முன் பட்டியலை அங்கே இருப்பவருக்கு அனுப்பி, ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுவது நல்லது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் ஏராளம். திரையில் படிக்கச் சம்மதம் என்றால் கிலோக் கணக்கில் எடை இறங்கிவிடும். இணையத்தில் கிடைக்காதவை, அப்பா அடிக்கோடிட்டுப் படித்த பிரதி, ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி, பேரக் குழந்தைக்கான படக்கதை, மறுபதிப்பு காணாத கவிதைத் தொகுப்பு ஆகியவற்றுக்குத்தான் பெட்டியில் முதலிடம்.

எந்த வழியில் அனுப்புவது?

மிகவும் மலிவான வழி, ஊருக்கு வந்து திரும்புகிற ஒருவரின் பயணப் பெட்டி. இந்தியாவிலிருந்து வட அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் ஒருவருக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் அனுமதிக்கிறார்கள். அதில் 7, 8 கிலோ புத்தகம் ஏறினாலே லாபம். புத்தகம் அடர்த்தியானது என்பதால் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கிவிடாமல் துணிகளுக்கு நடுவே இரண்டு பெட்டிகளிலும் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் ஒரு பெட்டி 27 கிலோ, மற்றொன்று 17 கிலோ என்று நின்றால், மொத்தம் வரம்புக்குள் இருந்தாலும் கனத்த பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள்.

அடுத்தது அஞ்சல். 1874-இல் தொடங்கப்பட்ட உலக அஞ்சல் ஒன்றியம் உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான எடை வரம்புகளை வகுத்திருக்கிறது. பார்சல் என்றால் 20 கிலோ வரை எல்லா நாடுகளும் ஏற்க வேண்டும். 30 கிலோ வரை ஏற்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அச்சிட்ட பொருட்களுக்கென்று தனி வகையும் உண்டு. புத்தகம் என்றால் அதில் 5 கிலோ வரை போகலாம். இவை தவிர, ஒரே முகவரிக்குப் போகும் அச்சுப் பொருட்களை மட்டும் 30 கிலோ வரை ஒரு சாக்கில் போட்டு அனுப்பும் ‘எம் பை’ என்ற ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்க அஞ்சல் துறை 2007 மே மாதத்தில் வெளிநாட்டுக் கப்பல் தபாலை நிறுத்திவிட்டபோதும் எம் பையை விமானத்தில் அனுப்பும் சேவையைத் தொடர்ந்தது. அங்கிருந்து நம் ஊர் நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்புகிறவர்கள் அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

எம் பையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது சாக்குதான். வழியில் தூக்கிப் போடப்படும், அதன் மேல் வேறு சாக்குகளும் ஏறும். உள்ளே புத்தகங்களைக் கெட்டியான அட்டைப்பெட்டியில் அடைத்து, பெட்டியின் மேலும் முகவரி எழுதிய பிறகே சாக்கில் போட வேண்டும். அச்சுப் பொருட்களுக்கான இந்தச் சலுகை வகைகளில் எழுதிய கடிதம் வைக்கக் கூடாது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அன்புடன் அத்தை’ என்று எழுதித் தருவதற்குத் தடை இல்லை. எந்த நாட்டுக்கு எந்த வகை நடைமுறையில் இருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் தலைமை அஞ்சலகத்தில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: இந்த நாட்டுக்குப் புத்தகம் அனுப்ப என்னென்ன சேவை இருக்கிறது, ஒரு பெட்டிக்கு எடை வரம்பு எவ்வளவு, கட்டணம் எத்தனை கிராமுக்கு ஒரு முறை ஏறுகிறது.

மூன்றாவது கேள்விதான் பணத்தை மிச்சப்படுத்தும். கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. முதல் படிக்குத் தொகை அதிகம், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் கொஞ்சம் குறைவு. எடை ஒரு படியைப் பத்து கிராம் தாண்டினாலும் அடுத்த படிக்கு முழுப் பணம் கட்ட வேண்டும். அதனால் பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பார்ப்பது அவசியம். பயணப் பெட்டிகளைத் தொங்கவிட்டு நிறுக்கும் கைத்தராசு ஒன்று இருந்தால் போதும். பெட்டி 11 கிலோ 40 கிராம் என்று காட்டினால் மெல்லிய புத்தகம் ஒன்றை வெளியே எடுத்துவிடுங்கள். கடையில் ஒட்டும் ரசீது, முகவரித்தாள், கூடுதல் டேப் எல்லாம் சேர்ந்து ஐம்பது கிராம் ஏறும் என்பதால், படியின் எல்லைக்கு நூறு கிராம் கீழேயே நின்றுகொள்வது பாதுகாப்பு.

கூரியரில் இதே விஷயம் வேறு மாதிரி நடக்கிறது. நம் ஊர்களில் ‘இன்டர்நேஷனல் கூரியர்’ என்று பலகை மாட்டியிருப்பவர்களில் பலர் முகவர்கள். பல வீட்டுப் பெட்டிகளைச் சேர்த்துப் பெரிய நிறுவனங்களின் வழியே அனுப்புகிறவர்கள். அவர்களிடம் எடை கூடக் கூடக் கிலோ விலை இறங்கும். 10 கிலோவுக்கு மேல் ஒரு விலை, 20 கிலோவுக்கு மேல் இன்னொரு விலை என்று சொல்வது வழக்கம். 9 கிலோவுக்கு ஆகும் மொத்தத் தொகையும் 11 கிலோவுக்கு ஆகும் தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கக்கூடும். அப்படி இருந்தால் ஆறு புத்தகம் கூடுதலாகச் செலவில்லாமல் போகும். இரண்டு பெட்டிகளை ஒரே ரசீது எண்ணின் கீழ் அனுப்பி, மொத்த எடைக்கு விலை போடச் சொல்லியும் கேட்கலாம். 23 கிலோவை ஒரே பெட்டியில் அடைத்தால் தூக்குகிறவர் கைநழுவிக் கீழே விடுவார். 11 கிலோ வீதம் இரண்டு பெட்டி என்றால் புத்தகமும் பிழைக்கும், 20 கிலோ விலையும் கிடைக்கும். விலை கேட்கும்போது எரிபொருள் கட்டணம், ஜி.எஸ்.டி., தொலைதூர ஊருக்கான கூடுதல் தொகை எல்லாம் சேர்ந்த மொத்த விலையைத்தான் கேட்க வேண்டும். கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கக் கூடாது.

கப்பல் சரக்கு மலிவு என்று சிலர் சொல்வார்கள். ஒரு வீட்டையே காலி செய்து போகிறவர்களுக்கு அது சரி. கப்பலில் பகிர்ந்து ஏற்றும் சரக்குக்குக் கன மீட்டர் கணக்கில் விலை, பெரும்பாலும் ஒரு கன மீட்டர் குறைந்தபட்ச அளவு. 100 கிலோ புத்தகம் கன மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அடைக்காது. நிரப்பாத இடத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதோடு, அந்தப் பக்கத் துறைமுகத்தில் இறக்குகூலி, ஆவணக் கட்டணம், சுங்க முகவர் கட்டணம் என்று பெறுகிறவரிடம் தனியாக வசூலிப்பார்கள். ஓரிரு பெட்டிக்கு இந்த வழி வேண்டாம்.

பெட்டி கட்டுவது

புத்தகப் பெட்டியில் அதிகம் அடிபடுவது மூலைகள். அடுத்தது முதுகு. மூன்றாவது ஈரம். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக் கட்டினால் போதும்.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் பிரித்து உதற வேண்டும். நம் வீட்டுப் புத்தகங்களுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பூச்சி வராமலிருக்க வைத்த வேப்பிலை, வசம்பு. குழந்தைகள் குட்டி போடும் என்று வைத்த மயிலிறகு. கோயிலில் தந்த திருநீற்றுப் பொட்டலம். ஆசீர்வாதமாக வைத்த நூறு ரூபாய் நோட்டு. காய்ந்த இலையும் வேரும் தாவரப் பொருட்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தாவரத் தடுப்புச் சோதனையில் பெட்டியையே நிறுத்திவிடும். மயிலிறகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. திருநீறு, நமக்குத் திருநீறு. எக்ஸ்-ரே பார்த்துப் பெட்டியைத் திறக்கும் அதிகாரிக்கு அது பெயர் தெரியாத வெள்ளைப் பொடி. பணத்தைப் பார்சலில் வைக்கவே கூடாது. ‘பூச்சி அரிக்காமல் இருக்கட்டும்’ என்று நல்லெண்ணத்தோடு போடும் அந்துருண்டையும் கற்பூரமும் எளிதில் தீப்பற்றும் பொருட்கள் என்பதால் விமானச் சரக்கில் ஆபத்தானவை என்ற பட்டியலில் இருக்கின்றன. புத்தகத்தை நிழலில் இரண்டு மூன்று நாள் பிரித்துக் காற்றாட வைத்து, இராமபாணப் பூச்சி இருந்தால் மெல்லிய தூரிகையால் துடைத்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டாலே போதும். மழைக்காலத்தில் ஈரம் குடித்த தாளை பாலிதீனில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். காய வைப்பதுதான் முதல் வேலை.

பெட்டி ஐந்து அடுக்கு அட்டையில் புதியதாக இருக்கட்டும். பெட்டிக் கடைகளில் ‘ஃபைவ் ப்ளை’ என்று கேட்டால் தருவார்கள். பழக்கடை, மளிகைக்கடைப் பெட்டிகள் ஏற்கெனவே ஈரமும் பாரமும் பட்டுத் தளர்ந்தவை. பழைய முகவரியும் பட்டைக்கோடும் அதில் இருந்தால் வழியில் குழப்பம் வேறு. மெத்தையாக வைக்கோல் வைக்கக் கூடாது, மரப்பெட்டியும் வேண்டாம். மரத்தில் பேக் செய்தால் அது சூடேற்றிப் பதப்படுத்தியது என்ற முத்திரை பெரும்பாலான நாடுகளில் தேவைப்படும்.

புத்தகங்களைப் படுக்கவைத்து அடுக்க வேண்டும். அலமாரியில் நிற்பதுபோல நிற்கவைத்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் உள்தாள்களின் பாரம் முதுகுப் பசையை இழுத்துக் கிழிக்கும். முதுகுப் பக்கம் கொஞ்சம் தடிமனாக இருக்கும் என்பதால் ஒரு புத்தகம் முதுகை இடப்பக்கமாகவும் அடுத்தது வலப்பக்கமாகவும் மாற்றி மாற்றி வைத்தால் அடுக்கு சாயாமல் நிற்கும். எட்டு, பத்து புத்தகத்துக்கு ஒரு கட்டு. கட்டின் மேலும் கீழும், புத்தகத்தைவிட அரை சென்டிமீட்டர் பெரிதாக வெட்டிய அட்டைத் துண்டை வையுங்கள். மூலைகள் அடிபடாமல் காப்பாற்றுவது இந்த அரை சென்டிமீட்டர்தான். சணல் கயிறு தாளின் ஓரத்தை அறுக்கும், ரப்பர் பேண்டு தடம் பதிக்கும். ஸ்ட்ரெச் ஃபிலிம் என்று கேட்டு வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை நான்கைந்து சுற்றுச் சுற்றினால் கட்டும் இறுகும், தண்ணீரும் புகாது. சுங்கத்தில் பெட்டியைப் பிரித்தாலும் கட்டுகள் பிரியாமல் அப்படியே திரும்பி உள்ளே போகும்.

பெட்டியின் அடியிலும் நான்கு பக்கமும் குமிழித்தாளை வைத்துக் கட்டுகளை இறக்குங்கள். இடைவெளிகளில் கசக்கிய செய்தித்தாள் வைப்பது நம் வழக்கம். அது இரண்டு வாரப் பயணத்தில் நசுங்கி இடம் விட்டுவிடும். பழைய அட்டைப்பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி மடித்துச் செருகினால் நசுங்காது. மூடிவிட்டு ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தால் திறந்து இன்னும் அடையுங்கள். மேல்பக்கம் உப்பி நின்றால் ஒரு புத்தகம் அதிகம் என்று அர்த்தம். உப்பிய பெட்டியின் மேல் வேறு பெட்டி ஏறினால் நடுத்தையல் வாய் பிளந்துவிடும். இரண்டு அங்குல அகல டேப்பை நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் ஒட்டி, அடிப்பக்கத்துக்கு மட்டும் இரட்டையாக ஒட்டுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே மூடச் சொல்லும் அஞ்சலகங்கள் இருப்பதால், மேல்மூடியை ஒட்டாமல் டேப்பும் கத்தரியுமாகப் போவது நல்லது. அனுப்புநர், பெறுநர் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒன்று உள்ளேயும் இருக்கட்டும். வெளியே ஒட்டிய தாள் கிழிந்துபோனாலும் பெட்டி வீடு போய்ச் சேர அதுதான் வழி.

சுங்கப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

வெளிநாட்டுப் பார்சலில் பலர் பயப்படுவது சுங்கப் படிவத்துக்கு. ஆனால் எல்லைகளைக் கடக்கும் பொருட்களிலேயே மிகவும் சலுகை பெற்றது புத்தகம்தான். 1950-இல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் யுனெஸ்கோ முன்னின்று ஓர் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. அதில் சேர்ந்த நாடுகள் புத்தகங்களுக்கு இறக்குமதித் தீர்வை விதிப்பதில்லை. மிஞ்சுவது அந்தந்த நாட்டின் விற்பனை வரி. அதுவும் புத்தகத்துக்குப் பல நாடுகளில் குறைவு அல்லது பூஜ்யம். பிரிட்டனில் அச்சுப் புத்தகத்துக்கு வாட் வரி இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,000 டாலர் மதிப்பு வரை வரும் பார்சலை எல்லையில் வரி கேட்டு நிறுத்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் 45 யூரோ வரையிலான அன்பளிப்புக்கு வரி இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியின்றி விட்டுவந்த சலுகை 2025 ஆகஸ்டு இறுதியில் நீக்கப்பட்டது. இந்திய அஞ்சல் துறை சில வாரம் அங்கே பார்சல் அனுப்புவதையே நிறுத்தி, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அப்போதும் 100 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு விலக்கு இருந்தது. அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் அந்த வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

கனடாவுக்குப் போகும் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். மதுரையிலிருந்து டொரோண்டோவில் இருக்கும் தங்கைக்கு அண்ணன் 32 புத்தகம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 புத்தகம் புதியவை, சராசரி விலை 250 ரூபாய், ஆக 5,000. மீதி 12 வீட்டில் இருந்த பழையவை. பழைய புத்தகக் கடையில் அவற்றுக்குக் கிடைக்கும் விலைதான் அவற்றின் மதிப்பு. ஒன்றுக்கு 75 ரூபாய் என்றால் 900. மொத்தம் 5,900 ரூபாய். ஒரு கனடா டாலர் 65 ரூபாய் என்று கொண்டால் ஏறக்குறைய 91 டாலர். கனடாவில் அன்பளிப்புக்கு 60 டாலர் வரை வரி இல்லை. அதற்கு மேல் உள்ள 31 டாலருக்கு மட்டும்தான் கணக்கு. புத்தகத்துக்குத் தீர்வை பூஜ்யம். ஒன்டாரியோ மாகாணத்தில் அச்சுப் புத்தகத்துக்கு மாகாணப் பங்கைத் தள்ளிவிடுவதால் 5 சதவீத வரி மட்டும், அதாவது ஒன்றரை டாலர். அதை வசூலித்துத் தருவதற்கு அஞ்சல் துறை வாங்கும் கையாளும் கட்டணம் 10 டாலருக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் சேர்த்துத் தங்கை தருவது 12 டாலருக்குள்.

வரி ஒன்றரை டாலர், கையாளும் கட்டணம் பத்து டாலர் என்பதைக் கவனியுங்கள். புத்தகப் பெட்டியில் எப்போதும் இப்படித்தான். சுங்கத்துக்குப் பயந்து 91 டாலரை 15 என்று குறைத்து எழுதினால் அதிகபட்சம் மிச்சமாவது இந்தச் சிறு தொகை. பெட்டி தொலைந்தால் இழப்பீடு கேட்கும்போது நீங்கள் எழுதிய 15 டாலர்தான் சாட்சி. 32 புத்தகத்துக்கு 15 டாலர் என்ற மதிப்பைப் பார்க்கும் அதிகாரிக்குச் சந்தேகமும் வரும், பெட்டி கிடப்பில் கிடக்கும். பொய் சொல்லி லாபம் பார்க்க முடியாத பொருள் புத்தகம்.

இதையே இரண்டு சிறு பெட்டியாக்கினால் இரண்டும் 60 டாலருக்குள் வருமே என்று கேட்கலாம். பொங்கலுக்கு ஒன்று, அவள் பிறந்தநாளுக்கு ஒன்று என்று உண்மையாகவே தனித்தனி அன்பளிப்பாகப் போனால் சரி. ஒரே நாளில் ஒரே முகவரிக்கு இரண்டாகப் பிரித்து அனுப்பினால் இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வாய்ப்பு உண்டு. தவிரவும், ஒவ்வொரு பெட்டிக்கும் அந்த அதிக விலை முதல் படியை மறுபடி கட்ட வேண்டும். மிச்சமாகும் 12 டாலரை விட அது கூடிவிடக் கூடும். கூரியர் என்றால் அந்தப் பக்கத்தில் சுங்கத்தைத் தீர்த்துத் தருவதற்கு அவர்கள் பெறுநரிடம் எவ்வளவு வாங்குவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். சில நேரம் அது வரியைப் போலப் பல மடங்கு இருக்கும்.

அஞ்சலில் இணைக்கும் சுங்கப் படிவத்துக்கு சி.என். 23 என்று பெயர். குறைந்த மதிப்புள்ள சிறு கட்டுகளுக்கு சி.என். 22. இப்போது பெரும்பாலான நாடுகள் பெட்டி வருவதற்கு முன்பே இந்த விவரங்களை மின்வழியில் கேட்கின்றன. ஆகவே வீட்டிலேயே ஒரு தாளில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி எடுத்துப் போனால் கவுண்ட்டரில் தட்டச்சு செய்பவருக்கும் எளிது, நமக்கும் தவறு வராது. ‘அன்பளிப்பு’ என்றோ ‘புத்தகம்’ என்றோ ஒற்றைச் சொல்லில் முடிக்க வேண்டாம். அச்சிட்ட புத்தகங்கள், தமிழ் நாவல்களும் கட்டுரைகளும், புதியவை 20, நிகர எடை, மதிப்பு 5,000 ரூபாய், தயாரித்த நாடு இந்தியா என்று ஒரு வரி. பழையவை 12 என்று அடுத்த வரி. ‘வகை’ என்ற இடத்தில் அன்பளிப்பு என்று குறிக்க வேண்டும். சரக்குக் குறியீட்டு எண் கேட்டால் பொதுவான புத்தகத்துக்கு 490199, அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் 490191, குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு 490300. ஒரு மூலையில் முறுக்குப் பொட்டலம் ஒன்றைச் செருகுவதாக இருந்தால் அதையும் எழுத வேண்டும். எழுதாமல் செருகினால் புத்தகப் பெட்டி என்ற சலுகையே போய்விடும். என் யோசனை, செருகவே வேண்டாம்.

ஒரே ஒரு வகைக் குடும்பச் சொத்து மட்டும் இந்த வழிகள் எதிலும் போகக் கூடாது. தாத்தா வீட்டுப் பரணில் இருக்கும் ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி, பழைய ஆவணம் ஆகியவை 75 ஆண்டுகளைத் தாண்டி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்பு உள்ளவை என்றால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை தொல்பொருள். தனிநபர் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். நூறாண்டு கடந்த அச்சு நூல்களிலும் எச்சரிக்கை தேவை. ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும். சுவடியை இங்கேயே ஒரு நூலகத்துக்குக் கொடுத்து, அதன் படங்களைப் பேரப் பிள்ளைகளுக்கு அனுப்புவதுதான் முறை.

பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே அடுக்கியதைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். மூடிய பிறகு நான்கு பக்கமும் ஒரு படம், தராசில் எடை தெரியும்படி இன்னொன்று. பெட்டி வரவில்லை என்றால் உலக அஞ்சல் விதிப்படி, அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அதற்கு ரசீதும் படிவத்தின் நகலும் வேண்டும். பெட்டி கைக்கு வந்து, தங்கை பிரித்து எண்ணிப் பார்த்து, 32-ம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் வரை அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.